போட்டி அறிக்கையை நேர்முக வர்ணனையாக மாற்றுதல்

நடந்து முடிந்த ஒரு விளையாட்டுப் போட்டியைப் பற்றிய எழுத்துக் குறிப்பை, அது இப்போதுதான் கண்முன் நடப்பது போன்ற பேச்சாக மாற்றி அமைப்பது ஒரு தனித் திறன். பள்ளி, கல்லூரிப் பயிற்சிகளிலும் வானொலி, ஒலிப்பதிவு நிகழ்ச்சிகளிலும் இதற்கு இடம் உண்டு. குரலை உயர்த்தி, 'அபாரம்', 'அற்புதம்' என்ற சொற்களைத் தூவினால் வர்ணனை வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அறிக்கைக்கும் வர்ணனைக்கும் உள்ள வேறுபாடு குரலில் இல்லை. அறிக்கை எழுதுபவருக்கு முடிவு தெரியும், வர்ணனையாளருக்குத் தெரியாது. மாற்றும் வேலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

தந்தியிலிருந்து பிறந்த வர்ணனை

இது ஒரு காலத்தில் முழுநேரத் தொழிலாகவே இருந்தது. 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் டெஸ்ட் போட்டிகள் ஆடியபோது, ஆட்ட விவரங்கள் சுருக்கக் குறிப்புகளாகத் தந்தியில் சிட்னிக்கு வந்தன. அங்கே ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணையத்தின் நிலையத்தில் அமர்ந்திருந்த வர்ணனையாளர்கள், அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு மைதானத்தில் இருப்பவர்களைப் போலப் பேசினர். கூட்டத்தின் ஆரவாரம் இசைத்தட்டிலிருந்து வந்தது. மட்டையில் பந்து படும் ஓசைக்காக ஒரு மரத்துண்டைப் பென்சிலால் தட்டினர். பின்னாளில் புகழ்பெற்ற வர்ணனையாளரான ஆலன் மெக்கில்வ்ரே அந்தக் குழுவில் ஒருவர்.

அமெரிக்காவிலும் இதே முறை இருந்தது. பிற்காலத்தில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரேகன், 1930களில் அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகர வானொலியில், சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களைத் தந்திக் குறிப்புகளிலிருந்து வர்ணித்து வந்தார். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே தந்தி இணைப்பு அறுந்துவிட்டதாம். வேறு நிலையங்களும் அதே ஆட்டத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்ததால், உண்மையைச் சொன்னால் நேயர்கள் அங்கே போய்விடுவார்கள். எனவே பில்லி ஜர்ஜஸ் என்ற ஆட்டக்காரர் பந்துக்குப் பந்து 'ஃபவுல்' அடித்துக்கொண்டே இருப்பதாகச் சொல்லிச் சில நிமிடங்களை ஓட்டினார். இது ரேகனே பலமுறை சொன்ன கதை.

அவர் ஏன் ஃபவுலைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. பேஸ்பாலில் இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு எத்தனை பந்து ஃபவுலாகப் போனாலும் ஆட்டக் கணக்கு மாறாது. மறுநாள் செய்தித்தாளில் வரும் புள்ளிப்பட்டியலோடு அது மோதாது. ஆனால் இணைப்பு மீண்டும் வந்தபோது, ஜர்ஜஸ் முதல் பந்திலேயே அவுட் ஆகியிருந்தார் என்று குறிப்பு வந்ததாக ரேகனே சொல்லியிருக்கிறார். கணக்கு தப்பியது; ஆனால் அவர் சொன்ன அத்தனை பந்துகளும் நடக்காதவை என்று ஆயிற்று. இடைவெளியை எதனால் நிரப்பலாம், எதனால் நிரப்பக்கூடாது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

எடுத்துக்காட்டு: சேப்பாக்கம், 1986

மாற்றும் முறையைக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் வழியே பார்க்கலாம். 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் போட்டி சமனில், அதாவது 'டை'யில் முடிந்தது. அதைப் பற்றிய ஓர் அறிக்கை இப்படி அமையலாம்:

> சென்னை, செப். 22: இந்தியா, ஆஸ்திரேலியா அணிகள் மோதிய டெஸ்ட் போட்டி இன்று சமனில் முடிந்தது. 348 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் ஆடிய இந்தியா, 347 ஓட்டங்களுக்கு அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. கவாஸ்கர் 90 ஓட்டங்கள் எடுத்தார். ரவி சாஸ்திரி 48 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் இந்தியாவுக்கு நான்கு ஓட்டங்கள் தேவைப்பட்டன. முதல் பந்தில் ஓட்டம் எடுக்காத சாஸ்திரி, இரண்டாவது பந்தில் இரண்டும் மூன்றாவது பந்தில் ஒன்றும் எடுத்தார். நான்காவது பந்தில் ஓட்டம் எடுக்காத மணிந்தர் சிங், ஐந்தாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. முறையில் ஓட்டம் ஏதும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். மேத்யூசும் பிரைட்டும் தலா ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தினர்.

தகவலில் குறை எதுவும் இல்லை. ஆனால் முதல் வரியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. நாளிதழ்ச் செய்திக்கு அதுதான் முறை; அவசரத்தில் படிப்பவருக்கு முடிவு முதலில் வேண்டும். இதை வர்ணனையாக்க நான்கு வேலைகள் செய்ய வேண்டும்.

1. முடிவை அகற்றிக் காலவரிசை அமைத்தல்

முதலில், வர்ணனை எந்த நொடியில் தொடங்குகிறது என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்து நாள் ஆட்டத்தை முழுவதும் வர்ணிக்க இந்த அறிக்கையில் சரக்கு இல்லை. பந்துக்குப் பந்து விவரம் இருப்பது கடைசி ஓவருக்கு மட்டுமே. ஆகவே அதுவே நமது எல்லை.

அடுத்து, அந்த நொடியில் தெரிந்திருக்கக்கூடியதையும் தெரிந்திருக்க முடியாததையும் பிரிக்க வேண்டும். கவாஸ்கரின் 90 ஏற்கெனவே தெரியும். சமன் என்ற முடிவு தெரியாது. சாஸ்திரியின் 48 தெரியாது. அந்த ஓவரில் அவர் எடுத்த மூன்றைக் கழித்தால், ஓவர் தொடங்கும்போது அவர் கணக்கு 45. அதேபோல் அணியின் கணக்கு 344. மேத்யூசுக்கு அப்போது நான்கு விக்கெட்டுகளே; ஐந்தாவது இனிமேல்தான் விழப்போகிறது. இப்படி அறிக்கையின் இறுதி எண்களைப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டு வருவது தவிர்க்க முடியாத படி. இதைச் செய்யாமல் "48 ஓட்டங்களுடன் நிற்கும் சாஸ்திரி" என்று தொடங்கினால், முதல் வாக்கியத்திலேயே வர்ணனை பொய்யாகிவிடும்.

2. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நிலைமையைச் சொல்லுதல்

கேட்பவரின் நெஞ்சு படபடப்பது வர்ணனையாளரின் கூச்சலால் அல்ல. அடுத்த பந்தில் என்னென்ன நடக்கலாம் என்று அவருக்குத் தெரிவதால். அந்தக் கடைசி ஓவரின் தொடக்கத்தில் நான்கு முடிவுகளும் சாத்தியமாக இருந்தன. நான்கு ஓட்டங்கள் வந்தால் இந்தியாவுக்கு வெற்றி. அதற்கு முன் விக்கெட் விழுந்தால் ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி. இரண்டும் நடக்காமல் ஓவர் முடிந்தால் டிரா. ஓட்டங்கள் சமமாகி, அதன்பின் விக்கெட் விழுந்தால் டை.

மூன்றாவது பந்து இந்தப் பட்டியலை மாற்றிவிடுகிறது. ஓட்டங்கள் 347 என்று சமமானதும் இந்தியா தோற்பதற்கு வழியில்லை. மிச்சம் இருப்பவை வெற்றி, டிரா, டை மூன்றும்தான். சமநிலையிலேயே ஓவர் முடிந்து, கையில் விக்கெட்டும் இருந்தால் அது டை ஆகாது, டிராதான். டை ஆக வேண்டுமானால் கடைசி விக்கெட் விழ வேண்டும். பலரும் குழம்பும் இடம் இது. வர்ணனையாளர் ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டால், அடுத்த இரண்டு பந்துகளின் எடை கேட்பவருக்கு விளங்கிவிடும்.

வானொலி கேட்பவர் எந்த நிமிடத்திலும் வந்து சேரலாம். எனவே தேவைப்படும் ஓட்டம், மிச்சமுள்ள பந்து, கையிலுள்ள விக்கெட் ஆகிய மூன்றும் அடிக்கடி வர வேண்டும். அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனையில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, படம் ஏதும் இல்லாமல் ஆட்டத்தைப் 'பார்த்தது' இத்தகைய சொற்களால்தான்.

3. வாக்கியத்தை உடைத்தல்

தமிழில் வினைமுற்று வழக்கமாக வாக்கியத்தின் இறுதியில் வரும். அறிக்கை எழுதுபவர்கள் எச்சங்களை அடுக்கிப் பல செயல்களை ஒரே வாக்கியத்தில் அடக்குவார்கள். "முதல் பந்தில் ஓட்டம் எடுக்காத சாஸ்திரி, இரண்டாவது பந்தில் இரண்டும் மூன்றாவது பந்தில் ஒன்றும் எடுத்தார்" என்பதில் மூன்று பந்துகளும் ஒரு மூச்சில் போய்விட்டன. 'எடுக்காத' என்ற பெயரெச்சத்துக்குள் ஒரு முழுப் பந்து ஒளிந்திருக்கிறது. அறிக்கையில் உள்ள எச்சங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, அவை ஒவ்வொன்றையும் தனி வினைமுற்றாகப் பிரிப்பதே மொழி அளவில் முதல் வேலை.

அடுத்தது காலம். கண்முன் நடந்துகொண்டிருப்பதற்கு நிகழ்காலம்: 'வருகிறார்', 'வீசுகிறார்', 'ஓடுகிறார்கள்'. அந்த நொடியில் முடிந்ததற்கு 'விடு' சேர்ந்த இறந்தகாலம்: 'தடுத்துவிட்டார்', 'திரும்பிவிட்டார்கள்'. அறிக்கையின் வெறும் இறந்தகாலம் ஓட்டக் கணக்கைச் சொல்லும்போது மட்டும் போதும்.

மூன்றாவது, சொல்வரிசை. சுழற்பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதிலிருந்து பந்து மட்டையாளரை அடையும்வரை சில நொடிகளே ஆகும். அதற்குள் மூன்று, நான்கு சொற்களுக்கே இடம். "மேத்யூஸ் தமது ஓவரின் இரண்டாவது பந்தை வீசுவதற்காக ஓடி வருகிறார்" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும். "வருகிறார் மேத்யூஸ்... வீசுகிறார்" போதும். வினையை முன்னால் கொண்டுவருவது பேச்சுத்தமிழில் இயல்பான ஒன்று. செயல் மிக வேகமானால் வினையே இல்லாமல் 'பந்து காலில்!' என்று பெயர்ச்சொற்களால் சொல்லலாம். நீண்ட வாக்கியங்களைப் பந்துக்கும் பந்துக்கும் இடையில், வீச்சாளர் திரும்பி நடக்கும் நேரத்துக்கு ஒதுக்க வேண்டும். நீளமும் குறுக்கமும் மாறி மாறி வரும்போதுதான் வேகம் தெரியும்.

4. இடைவெளியை நிரப்புதல்

அறிக்கையில் இல்லாத எதையும் சேர்க்கக்கூடாது என்றால் வர்ணனை எழுதவே முடியாது. எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால் அது கட்டுக்கதை. இதற்குத் தகவல்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வது உதவும்.

முதலாவது, அறிக்கை சொல்வது. இரண்டாவது, அறிக்கை சொல்லாவிட்டாலும் நடந்தே தீர்ந்திருக்க வேண்டியது. வீச்சாளர் பந்தை வீசத்தான் வேண்டும். ஒற்றை ஓட்டம் ஓடினால் மட்டையாளர்கள் முனை மாறுவார்கள். அதனால்தான் நான்காவது பந்து மணிந்தருக்கு வந்தது. எல்.பி.டபிள்யூ. என்றால் பந்து உடலில் பட்டிருக்க வேண்டும். ஆட்ட விதிப்படி எதிரணி கேட்காமல் நடுவர் அவுட் கொடுக்க முடியாது. ஆகவே ஆஸ்திரேலியர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பது உறுதி. இவற்றைத் தயங்காமல் சேர்க்கலாம். வர்ணனையின் சதை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிடைக்கிறது.

மூன்றாவது, நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம் என்ற வகை. இரண்டாவது பந்து எந்தத் திசையில் போனது, யார் விரட்டினார், சாஸ்திரி வியர்வையைத் துடைத்தாரா என்பவை இதில் சேரும். உண்மை ஆட்டத்தை வர்ணிக்கும்போது இவற்றை விட்டுவிட வேண்டும். வேறொரு நம்பகமான பதிவில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். நடுவர் விக்ரம்ராஜு என்பதும், சென்னை வெயிலிலும் மேத்யூஸ் ஸ்வெட்டர் அணிந்து பந்து வீசியதும் அப்படிப் பதிவானவை.

மாற்றி எழுதிய வடிவம்

> கடைசி ஓவர். பந்து கிரெக் மேத்யூஸ் கையில். இந்தியா 344, ஒன்பது விக்கெட் இழப்புக்கு. ஆறு பந்துகள், வேண்டியது நான்கு ஓட்டங்கள், கையில் இருப்பது ஒரே விக்கெட். மட்டையோடு நிற்பவர் ரவி சாஸ்திரி, 45 ஓட்டங்களில். எதிர்முனையில் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங். யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்; யாருமே ஜெயிக்காமலும் போகலாம்.
>
> வருகிறார் மேத்யூஸ்... வீசுகிறார்... ஓட்டம் இல்லை. ஐந்து பந்து, நான்கு ஓட்டம்.
>
> இந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வீசிக்கொண்டிருக்கிறார் மேத்யூஸ். இரண்டாவது பந்துக்கு வருகிறார்... அடிக்கிறார் சாஸ்திரி! ஓடுகிறார்கள்... ஒன்று... திரும்பிவிட்டார்கள், இரண்டாவதுக்கு ஓடுகிறார்கள்... வந்து சேர்ந்துவிட்டார்கள்! இரண்டு ஓட்டங்கள். இந்தியா 346. இன்னும் இரண்டே இரண்டு. நான்கு பந்துகள் இருக்கின்றன.
>
> மூன்றாவது பந்து. ஆடுகிறார் சாஸ்திரி... ஓடுகிறார்கள்... ஒன்று! 347! இரண்டு அணிகளும் சமம்! இனி இந்தியா தோற்க முடியாது. ஆனால் சாஸ்திரி எதிர்முனைக்குப் போய்விட்டார். இப்போது பந்தைச் சந்திக்கப் போகிறவர் மணிந்தர் சிங், இன்னும் ஒரு ஓட்டம்கூட எடுக்காதவர். ஒரே ஓட்டம் எடுத்தால் வெற்றி. மூன்று பந்தையும் தடுத்துவிட்டால் டிரா. விக்கெட் விழுந்தால் டை.
>
> மேத்யூஸ் வருகிறார்... மணிந்தர்... ஓட்டம் இல்லை. விக்கெட்டும் இல்லை.
>
> இரண்டு பந்து. ஒரு ஓட்டம். ஐந்தாவது பந்துக்கு வருகிறார் மேத்யூஸ்... காலில் பட்டது! கேட்கிறார்கள்... நடுவர் விக்ரம்ராஜு... விரலை உயர்த்திவிட்டார்! அவுட்!
>
> டை! சேப்பாக்கம் டெஸ்ட் டை! இந்தியா 347. டெஸ்ட் கிரிக்கெட்டில் இதற்கு முன் 1960இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு முறை நடந்தது, இன்று சென்னையில் நடந்திருக்கிறது. சாஸ்திரி 48 ஓட்டங்களோடு எதிர்முனையில் நிற்கிறார்.

இந்த வடிவத்தில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆச்சரியக்குறிகள் ஓட்டம் வந்த இடங்களிலும் விக்கெட் விழுந்த இடத்திலும் மட்டுமே இருக்கின்றன. நான்காவது பந்து மிகச் சிறியது. அடுத்த பந்தின் அடி விழ வேண்டுமானால் அங்கே குரல் இறங்கித்தான் ஆக வேண்டும். டை என்ற முடிவு உரிய இடத்தில்தான் வருகிறது.

பிழைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

அதிகம் நேரும் பிழை, முடிவு முன்கூட்டியே கசிவது. "அந்தச் சோகமான ஐந்தாவது பந்து", "சாஸ்திரி செய்த தவறான ஒற்றை ஓட்டம்" போன்ற தொடர்கள் பின்னால் நடந்ததை அறிந்தவரின் பேச்சு. இதற்கு எளிய சோதனை உண்டு. எழுதியதில் அடுத்த பந்தைத் தாளால் மறைத்துவிட்டு, ஆட்டத்தைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அடுத்து என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். அவர் உறுதியாகச் சரியான விடை சொன்னால், எங்கோ ஒரு சொல் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இதன் நுட்பமான வடிவம் ஒன்றும் உண்டு. பந்து தமது மட்டையில் பட்டது என்று மணிந்தர் பின்னர் கூறினார். அந்த வாதம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதைப் படித்துவிட்டு எழுதுபவர், "மட்டையில் பட்ட பந்துக்கு அவுட் கொடுத்துவிட்டார் நடுவர்" என்று வர்ணனையில் சேர்த்துவிடுவார். அந்த நொடியில் வர்ணனையாளர் காண்பது நடுவரின் விரலை மட்டுமே. பின்னர் எழுந்த விவாதம் அறிக்கைக்கோ கட்டுரைக்கோ உரியது.

இரண்டாவது பிழை, எல்லாப் பந்தையும் ஒரே உச்சத்தில் சொல்வது. முதல் பந்திலேயே கத்திவிட்டால் ஐந்தாவது பந்துக்கு ஏற இடம் இருக்காது. எழுதியதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால் இது தெரிந்துவிடும். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ, அங்கே வாக்கியம் செயலைவிட நீளமாக இருக்கிறது. ஓரிடத்திலும் மூச்சு விட நேரமில்லை என்றால் இறக்கமே இல்லை என்று பொருள்.

மூன்றாவது, கணக்குப் பிழை. முடித்தபின் வர்ணனையிலுள்ள ஓட்டங்களையும் பந்துகளையும் மட்டும் தனியாக எழுதிக் கூட்டி, அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். 344, 344, 346, 347, 347 என்று வந்து, ஐந்து பந்துகளில் முடிந்தால் சரி. கிரிக்கெட்டில் ரேகனின் ஃபவுல் உத்தி செல்லாது. ஓட்டம் இல்லாத பந்தும் ஓவரில் ஒரு பந்தாகக் கணக்கில் சேரும். இல்லாத பந்து ஒன்றைச் சேர்த்தால் ஓவரே கெட்டுவிடும். ஆகவே கிரிக்கெட்டில் இட்டு நிரப்புவதற்கான இடம் பந்துக்கும் பந்துக்கும் இடையில்தான்.

எல்லைகள்

எல்லா அறிக்கையும் வர்ணனை ஆகாது. நிகழ்வுகளின் வரிசை இருந்தால்தான் முடியும். "சாஸ்திரி கடைசி ஓவரில் மூன்று ஓட்டங்கள் எடுத்தார்" என்று மட்டும் இருந்திருந்தால், அது எந்தப் பந்தில் என்று தெரியாது. மேலே கண்ட வர்ணனை பிறந்திருக்காது. கால்பந்து அறிக்கையில் கோல் விழுந்த நிமிடங்கள் மட்டும் இருக்கும். அங்கே ஆட்டம் முழுவதையும் விட்டுவிட்டு, பந்து யாரிடமிருந்து யாருக்குப் போய்க் கோலாயிற்று என்று விவரிக்கப்பட்ட ஓரிரு நகர்வுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கற்பனை ஆட்டத்துக்கு எழுதுவதானால் மேற்கண்ட மூன்றாம் வகைத் தகவல்களையும் தாராளமாகச் சேர்க்கலாம். விதிகளும் கணக்கும் மட்டும் பிழையாகக்கூடாது.

உண்மை ஆட்டத்தை இப்படி மாற்றி ஒலிபரப்பினாலோ மேடையில் பேசினாலோ, இது அறிக்கையிலிருந்து மீட்டு எழுதியது என்று தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. கேட்பவர் அதைத் தெரிந்துகொண்ட பிறகும், மணிந்தர் சிங் ஐந்தாவது பந்தைச் சந்திக்கும்போது அவருக்குப் படபடப்பு வரும்.